ஃபாரோ தீவின் 98 முதியவர்கள்: தட்டம்மை வழியாக நோய்த்தடுப்பு பற்றி ஒரு குறிப்பு

அக்கா மகளுக்கு அடுத்த வாரம் பள்ளியில் உடல்நல அறிவியல் தேர்வு. கிருமி எப்படிப் பரவுகிறது, உடல் எப்படி எதிர்க்கிறது, தடுப்பூசி என்ன செய்கிறது, இவ்வளவுதான் பாடம். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் இருந்தது. "மாமா, எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு, ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு என்ன சம்பந்தம்னுதான் தெரியல" என்றாள். அவளுக்காக எழுதிய குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். பத்து நோய்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரே நோயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் எல்லாமே அதற்குள் வந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது தட்டம்மை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வார்கள். இலங்கையில் சின்னமுத்து. நாம் சின்னம்மை என்பது வேறு நோய், கொப்புளங்களில் நீர் கோத்துக்கொள்ளுமே, அது. தட்டம்மையில் நீர்க் கொப்புளம் கிடையாது. காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, பிறகு முகத்தில் தொடங்கி உடம்பு முழுக்க இறங்கும் சிவந்த தடிப்பு. தேர்வில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும். வீட்டில் குழப்பினால், "எங்க புள்ளைக்குத்தான் அம்மை வந்துடுச்சே, இனி ஊசி எதுக்கு" என்று தவறான அம்மையைக் கணக்கில் வைத்துவிடுவார்கள்.

சரி, கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1846-இல் அங்கே மொத்தம் 7,782 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலேறினார். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அவர் தட்டம்மை நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 28-ஆம் தேதி தீவில் இறங்கும்போது ஆள் நன்றாகத்தான் இருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் படுத்துவிட்டார். அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர். சில மாதங்களில் சுமார் 6,000 பேருக்கு வந்துவிட்டது. பச்சைக் குழந்தை, நாற்பது வயதுக்காரர் என்ற பேதமே இல்லை. டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும், அப்போது அவருக்கு 25 வயது.

பானும் காலத்தில் வைரஸ் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தவை கால்நடையும் ஒரு நோட்டும்தான். ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன் யாரைப் பார்த்தார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். தீவு என்பதால் இது சாத்தியமானது. கோபன்ஹேகன் போன்ற நகரத்தில் ஒருவருக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஃபாரோவில் ஒரு கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மலையோ கடலோ இருக்கும், எந்தப் படகு எப்போது வந்தது என்று ஊரே சொல்லும்.

அவருடைய பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு படகுக் கதை. ட்யோர்னுவிக் என்ற சிற்றூரிலிருந்து பத்து ஆண்கள் ஒரே படகில் ஜூன் 4-ஆம் தேதி வெஸ்ட்மன்னா என்ற இடத்துக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனார்கள். அங்கே வேறு ஊர்க்காரர்களோடு கலந்தார்கள், திரும்பிவிட்டார்கள். ஜூன் 18-ஆம் தேதி பத்துப் பேருக்கும் தடிப்பு வந்தது. பத்துப் பேருக்கும் ஒரே நாளில்! அதற்கு இரண்டு முதல் நான்கு நாள் முன்பே இருமலும் கண் எரிச்சலும் இருந்தன. கிருமி உள்ளே போன நாளுக்கும் தடிப்பு தெரியும் நாளுக்கும் நடுவே 14 நாள். ஊர் ஊராகப் பார்த்தபோது இதே இடைவெளி திரும்பத் திரும்ப வந்தது.

பாடத்தில் "நோயரும்பும் காலம்" என்று இரண்டு வரியில் வருவது இதுதான். இதை வைத்துத் தச்சரின் பயணத்தைத் திரும்பப் பாருங்கள். கடலில் எட்டே நாள். நோய் வெளியே தெரியப் பதினான்கு நாள். காய்ச்சல் உள்ளவரைக் கப்பலில் ஏற்றாதே என்று துறைமுகத்தில் விதி போட்டிருந்தாலும் அவர் தடையில்லாமல் ஏறியிருப்பார், இறங்கியும் இருப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே தட்டம்மை அடுத்தவருக்கு ஒட்ட ஆரம்பிக்கிறது, தடிப்பு வந்த பிறகும் நான்கு நாள் வரை ஒட்டும். முதல் நான்கு நாள் அது வெறும் சளி இருமலாகத்தான் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பேருந்தில் ஏறும். இருமும்போது வரும் நுண்துளிகள் காற்றிலேயே மிதக்கின்றன. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்று தொற்றவைக்கலாம். அதாவது நோயாளியை நேரில் பார்க்காத ஒருவருக்கும் வரலாம்.

இனி அந்த முதியவர்கள். ஃபாரோ தீவுக்கு இதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அதன் பிறகு 65 ஆண்டுகள் அந்த நோய் அங்கே தலைகாட்டவே இல்லை. தீவில் ஆள் குறைவு என்பதே காரணம். தட்டம்மை வைரஸ் மனிதர்களிடம் மட்டும்தான் உயிர் பிழைக்கும். ஓர் ஊரில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டுமானால், புதிதாகப் பிறக்கும் குழந்தைகள் விறகு போல வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் மக்கள்தொகை தேவை என்பது பின்னாளில் கணக்கிடப்பட்டது. எட்டாயிரம் பேர் கூட இல்லாத தீவில் எல்லாரையும் ஒரு சுற்று பிடித்துவிட்டு அது பட்டினியில் செத்துப்போகும்.

1781-இல் குழந்தைகளாக இருந்து, நோய் வந்து பிழைத்த 98 முதியவர்கள் 1846-இலும் உயிரோடு இருந்ததைப் பானும் தேடிக் கண்டுபிடித்தார். வீட்டில் எல்லாரும் படுத்துக் கிடக்கும்போது அவர்கள் நடுவில்தான் இந்தப் பெரியவர்களும் இருந்தார்கள். 98 பேரில் ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை. "வயசானவங்களுக்கு இது வராதோ என்னவோ" என்று நாம் சந்தேகப்படலாம் அல்லவா? அதற்கும் பதில் கிடைத்தது. 1781-இல் எப்படியோ தப்பிவிட்ட முதியவர்கள் சிலருக்கு இப்போது வந்துவிட்டது. ஆகக் காப்பாற்றியது வயது இல்லை, பழைய நோய்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதனால்தான் இந்தத் தீவை விட்டு நகர மாட்டேன் என்கிறேன். பெரிய நகரத்தில் ஒரு தாத்தாவுக்குத் தட்டம்மை வரவில்லை என்றால், சின்ன வயதில் வந்ததன் பலனா, அல்லது நடுவில் பேரப்பிள்ளைகளிடமிருந்து அவ்வப்போது வைரஸ் பட்டுப் பட்டு எதிர்ப்பு புதுப்பிக்கப்பட்டதா என்று பிரிக்க முடியாது. ஃபாரோவில் 65 ஆண்டுகள் வைரஸே இல்லை. புதுப்பிக்க எதுவும் வரவில்லை. ஒரே ஒரு முறை பார்த்த முகத்தை உடம்பு 65 ஆண்டுகள் தானாகவே நினைவில் வைத்திருந்தது.

அந்த நினைவு எங்கே இருக்கிறது? ரத்த வெள்ளையணுக்களில் பி செல்கள், டி செல்கள் என்று இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு பி செல்லும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். தட்டம்மை வைரஸின் மேற்புறப் புரதத்துக்குப் பொருந்தும் செல்கள் முதலில் மிகச் சிலவே இருக்கும். வைரஸைச் சந்தித்ததும் அவை பெருக ஆரம்பிக்கின்றன. இதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிடும். பெருகியவற்றில் ஒரு பகுதி எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களாக மாறி எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறி, பல பத்தாண்டுகள் சொட்டுச் சொட்டாகச் சுரந்துகொண்டே இருக்கும். இன்னொரு பகுதி நினைவு செல்களாகக் காத்திருக்கும். அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் இரண்டு வாரம் வேண்டாம், சில நாட்களே போதும். வைரஸ் பெருகுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடும்.

தட்டம்மையின் தடிப்பே இந்தச் சண்டையின் தழும்புதான் என்பது பலருக்குத் தெரியாது. தோலுக்குப் போய்ச் சேர்ந்த வைரஸ் பிடித்த செல்களை டி செல்கள் தாக்குவதால்தான் தோல் சிவக்கிறது. எதிர்ப்பு மிகவும் குன்றிய குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால் சில சமயம் தடிப்பே இருக்காது. அது நல்ல அறிகுறி அல்ல, சண்டை போட ஆள் இல்லை என்று பொருள்.

இந்த வைரஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. அது விரும்பிப் பிடிக்கும் செல்களில் நினைவு செல்களும் அடக்கம். தன்னைப் பற்றிய நினைவை விட்டுவிட்டு, மற்ற கிருமிகளைப் பற்றிய பழைய நினைவுகளை அழித்துவிட்டுப் போகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்பும் பின்பும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டாலும், ஏற்கெனவே இருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மை இறங்கிய பிறகும் பிள்ளை மாதக்கணக்கில் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று படுத்துப் படுத்து எழுவதற்கு இது ஒரு காரணம். "ஒரு தடவ அம்மை வந்து போனா உடம்பு கெட்டிப்படும்" என்று நம்மூரில் சொல்வதை நான் ஏற்காததும் இதனால்தான். தட்டம்மைக்கு எதிராக மட்டும் கெட்டிப்படும், மற்றவற்றில் கைவிட்டுப் போகும்.

ஊசியின் வேலை என்னவென்றால், அந்த 98 பேருக்குக் கிடைத்த நினைவை நோய் இல்லாமல் கொடுப்பது. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஒரு பள்ளியில் தட்டம்மை வந்தபோது டேவிட் எட்மான்ஸ்டன் என்ற மாணவனிடமிருந்து வைரஸை எடுத்தார்கள். ஜான் எண்டர்ஸ் ஆய்வகத்தில் அதை மனிதச் செல்களிலும் பிறகு கோழிக் கருவின் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். கோழிச் செல்லில் வாழப் பழகப் பழக மனிதரிடம் அதன் வீரியம் குறைந்தது. ஆனால் மேற்புற முகம் பெரிதாக மாறவில்லை. 1963-இல் ஊசியாக வந்தது. இன்று நம் துணை சுகாதார நிலையங்களில் ரூபெல்லாவோடு சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசியிலும் எட்மான்ஸ்டனின் வாரிசுதான் இருக்கிறது.

இது உயிருள்ள, பலமிழந்த வைரஸ். உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகினால்தான் வேலை செய்யும். ஆகவே காய்ச்சல் வருவதாக இருந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட அன்று வராது, ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் நடுவே வரும். "ஊசி போட்டு ஒரு வாரம் ஆச்சே, இது வேற காய்ச்சல்" என்று நினைக்கிறோமே, அது பானும் எண்ணிய அதே கடிகாரத்தின் சிறிய ஓட்டமாகவே இருக்கலாம்.

"அப்போ பொறந்த உடனே போட்டுட்டா என்ன மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கருவில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடுகின்றன. அவை கடன் வாங்கிய பணம் மாதிரி. குழந்தை தானாகச் சம்பாதிக்கவில்லை, செலவழியச் செலவழியத் தீர்ந்துபோகும். பாடத்தில் இதை மந்தமான அல்லது செயலற்ற நோய்த்தடுப்பு என்பார்கள். அந்தக் கடன் கையில் இருக்கும்போது ஊசி போட்டால், தாயின் எதிர்ப்பொருளே ஊசி வைரஸைப் பிடித்து முடித்துவிடும், குழந்தையின் செல்கள் எதையும் கற்றுக்கொள்ளாது. ரொம்பத் தள்ளிப் போட்டாலோ, கடன் தீர்ந்து ஊசியும் இல்லாத இடைவெளியில் நோய் புகுந்துவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு வயதில் போட்டால் சுமார் 93. நோய் நடமாடும் நாடுகளில் எட்டு சதவீத லாபத்துக்காக மூன்று மாதம் காத்திருப்பது நஷ்டம். அதனால்தான் இந்தியாவில் ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.

கடனுக்கும் சம்பாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அவசரத்தில் நன்றாகத் தெரியும். ஊசி போடாத பிள்ளை தட்டம்மை நோயாளியோடு இருந்துவிட்டது என்று வையுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் உடம்பு கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால், அல்லது ஊசி போட முடியாத அளவு சின்னக் குழந்தை என்றால், மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ஆறு நாளுக்குள் கொடுக்கலாம். அது உடனே வேலை செய்யும், சில மாதங்களில் தீர்ந்தும் போகும்.

இரண்டாவது ஊசியை "பூஸ்டர்" என்று எல்லாரும் சொல்கிறோம். தட்டம்மையைப் பொறுத்தவரை அது அவ்வளவு சரியில்லை. முதல் ஊசி பிடித்தவர்களுக்கு அது ஏற்கெனவே பிடித்துவிட்டது. பிடிக்காமல் போன பதினைந்து பேருக்கான மறுதேர்வுதான் இரண்டாவது. இரண்டும் போட்டால் நூற்றில் சுமார் 97 பேருக்குக் காப்பு கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்கு. தேர்வில் வராது, ஆனால் வாட்ஸப்பில் வரும். 400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. 380 பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். 380-இல் மூன்று சதவீதத்துக்கு ஊசி பிடித்திருக்காது, அதாவது சுமார் 11 பேர். ஆக நோய்க்குத் திறந்த கதவு மொத்தம் 31. பள்ளிக்குள் தட்டம்மை புகுந்து இந்த 31 பேருக்கும் வந்துவிட்டது என்றால், நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஊசி போட்டவர்! "பாத்தீங்களா, ஊசி போட்டவங்களுக்கும் வந்துடுச்சு" என்று செய்தி பறக்கும். செய்தி பொய் இல்லை, கணக்குதான் பாதியில் நிற்கிறது. போடாதவர்களில் 20-க்கு 20. போட்டவர்களில் 380-க்கு 11. நோயாளிகளின் பட்டியலை மட்டும் பார்க்காமல் மொத்த வகுப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரியும்.

அந்தப் பள்ளியில் நோய் பரவுமா, அணையுமா? எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது வழக்கமான மதிப்பீடு. நடுவில் 15 என்று வைப்போம். ஒவ்வொருவரும் ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால்தான் சங்கிலி அறும். அதற்கு எதிர்ப்பு உள்ளவர்களின் பங்கு இவ்வளவு வேண்டும்:

1 − 1/15 = 0.933

அதாவது சுமார் 93 சதவீதம். நம் பள்ளியில் எதிர்ப்பு உள்ளவர்கள் 369 பேர், 92 சதவீதம்தான். 95 சதவீதம் பேர் ஊசி போட்டும் மயிரிழையில் தோற்கிறது. 12 என்று வைத்தால் 92 சதவீதமே போதும், ஜெயிக்கிறது. 95 என்ற இலக்கு அவ்வளவு விளிம்பில் நிற்கிறது. இதுவும் எல்லாரும் சீராகக் கலந்து பழகுகிறார்கள் என்ற அனுமானத்தில்தான். அந்த 20 பேரும் ஒரே விடுதி அறையிலோ ஒரே தெருவிலோ இருந்தால், பள்ளியின் சராசரி என்ன சொன்னாலும் அங்கே ஒரு குட்டி ஃபாரோ தீவு உருவாகிவிடும்.

கடைசியாக, ஊசி போட்டும் பிடிக்காமல் போவதற்கு இன்னொரு காரணம், குப்பிக்குள்ளேயே வைரஸ் செத்துப்போவது. இது உலர்த்திய தூளாக வரும், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குப்பியின் மூடியில் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். வெப்பம் பட்டுப் பட்டுச் சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் நீர் கலந்து கரைத்த பிறகு அந்த அடையாளத்தால் பயன் இல்லை, கணக்கு நான்கு மணி நேரம். மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். செவிலியர் கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதி வைப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "எப்போ கரைச்சீங்க சிஸ்டர்?" என்று கேட்கலாம், குப்பியைத் திருப்பிக் காட்டுவார்.